ஜெர்மானியருக்குப் பயம், ஆங்கிலேயருக்குக் கலக்கம்

ஆங்கிலப் பகுதியில் ‘ஆங்ஸ்ட்’ என்ற சொல் வந்தால் மாணவர்கள் பலர் ‘அச்சம்’ என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். ஜெர்மன் மொழியில் அது சரி. ஆங்கிலத்தில் பெரும்பாலும் பொருந்தாது.

ஜெர்மன் மொழியில் ஆங்ஸ்ட் அன்றாடச் சொல். நாயைக் கண்டால் ஆங்ஸ்ட், பல் மருத்துவரை நினைத்தால் ஆங்ஸ்ட். “எனக்குப் பயமா இருக்கு” என்று குழந்தை சொல்வதற்கும் இதே சொல்தான்.

ஆங்கிலத்தில் பயத்துக்குச் சொல் ஏற்கனவே இருந்தது. அதனால் கடன் வந்த சொல்லுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அது பேச்சு வழியாக வராமல் தத்துவமும் உளவியலும் படித்தவர்கள் வழியாக வந்தது. டென்மார்க் அறிஞர் கீர்க்ககார்ட் 1844இல் எழுதிய நூலில், அச்சத்துக்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு, இதற்கு அது கிடையாது என்று பிரித்துக் காட்டினார். அவர் பயன்படுத்தியது இதே வேரிலிருந்து வந்த டேனிஷ் சொல். ஜெர்மானியரான ஹைடெக்கரும் 1927இல் அச்சத்துக்கு வேறு சொல்லை வைத்துக்கொண்டு, ஆங்ஸ்டைத் தனியாகப் பிரித்தார். ஆங்கிலம் எடுத்துக்கொண்டது இந்தப் படித்தவர் பொருளை மட்டும்தான். பொருள் இப்படிச் சுருங்குவதை நாம் சிறப்புப் பொருட்பேறு என்கிறோம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? “எதைப் பார்த்து?” என்று கேட்டுப் பாருங்கள். நாய், சோதனை என்று நேரான பதில் வந்தால் அது பயம். ‘பதின்ம வயது ஆங்ஸ்ட்’ என்னும் தொடரில் அப்படிப் பதில் வராது. அங்கே ‘இனம்புரியாத கலக்கம்’ என்று எழுதலாம். ஆனால் நாளிதழ்கள் விலையேற்றக் கவலைக்குக்கூட இச்சொல்லைப் போடுகின்றன. அங்கே ‘கவலை’ என்றாலே போதும்.

‘வாண்டர்லஸ்ட்’ எதிர்த்திசையில் போனது. ஜெர்மன் மொழியில் அது மலையிலும் காட்டிலும் கால்நடையாகத் திரியும் ஆசை. ஆங்கிலத்தில் விமானம் ஏறி ஊர் சுற்றும் ஆசையும் அதில் அடங்கும். தூர தேச ஏக்கத்துக்கு ஜெர்மானியர் ‘ஃபெர்ன்வே’ என்ற வேறொரு சொல்லை வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: பின்பாதியிலுள்ள ‘லஸ்ட்’ ஆங்கிலத்தில் காமம், ஜெர்மனில் பொதுவாக விருப்பம். ஆங்கில அகராதியை வைத்துப் பிரித்தால் விபரீதம்தான்!

‘கிண்டர்கார்டன்’ என்னும் பெயரை 1840இல் வைத்தவர் ஃப்ரோபெல். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். பிள்ளைகள் செடிகள், ஆசிரியர் தோட்டக்காரர். ஜெர்மனியில் இன்றும் அது மூன்று வயது முதல் ஆறு வயது வரை, பள்ளிக்கு முந்திய இடம். அமெரிக்காவிலோ ஐந்து வயதுப் பிள்ளை சேரும், பெரும்பாலும் தொடக்கப்பள்ளியோடு ஒட்டிய ஓர் ஆண்டு. எழுத்துகூட மாறவில்லை, வகுப்பு மாறிவிட்டது.

மலேசியாவின் ‘தடிகா’ என்னும் சுருக்கப் பெயரிலும் முதலெழுத்து ‘தாமான்’ என்பதிலிருந்து வந்ததே. தாமான் என்றதும் நமக்கு வீடமைப்புப் பகுதிதான் ஞாபகம் வரும். அதன் நேர்ப்பொருள் தோட்டம்.