பரிசோதனையில் காணாமல் போன ‘த’

கண் மருத்துவ முகாம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் அழைப்பு போகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு வரி, ‘இலவசக் கண் பரிசோதனை முகாம்’. அனுப்பியவர் திரையில் குறையே இல்லை. ஆனால் பெற்றவர்களில் சிலருக்கு ‘பரிசோ��னை’ என்று, நடுவே கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியோடு வந்து நிற்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரின் போனில் அதே அஞ்சல் சரியாகத் தெரிகிறது!

தலைப்பு வரி, ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனத்தில் வைத்து உருவானது. அதனால் தமிழ்த் தலைப்பை அஞ்சல் நிரல் ஆங்கில எழுத்துகளாக மாற்றி, =?UTF-8?B? என்று தொடங்கும் துண்டுகளாக அனுப்புகிறது. 1996-இல் வந்த RFC 2047 என்ற விதிப்படி, ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் வரும் அடையாளங்கள் போக, 45 பைட் அளவுக்குத்தான் தமிழ் கொள்ளும்.

தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளியும் தனிக் குறி என்பதால் ‘கண்’ மட்டுமே 9 பைட். இப்படி எண்ணிக்கொண்டு போனால் ‘இலவசக் கண் பரிசோ’ வரை 44 ஆகிறது. எஞ்சிய ஒரு பைட்டில் ‘த’வின் முதல் பகுதி ஏறிக்கொள்ள, மற்ற இரண்டும் அடுத்த துண்டுக்குப் போய்விடுகின்றன. துண்டுகளை ஒட்டியபின் படிக்கும் செயலியில் ‘த’ பிழைத்துக்கொள்கிறது. தனித்தனியாகப் படிக்கும் செயலியில் சிதைகிறது.

எழுத்தை நடுவில் வெட்டாதே என்றும் அதே விதி சொல்கிறது. அவசரத்துக்கு எழுதிய அனுப்பும் நிரல்கள்தான் பெரும்பாலும் அதை மறக்கின்றன.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தலைப்பின் முன்னால் ‘1’ என்ற எண்ணை ஒட்டி மறுபடி அனுப்பிப் பார்க்கலாம். எண்ணுக்கு ஒரே பைட். வெட்டு இப்போது ‘சோ’வுக்குப் பின் சரியாக விழுவதால் கேள்விக்குறி மறைந்துவிடும். அப்படி மறைந்தால் குற்றவாளி நிரல்தான்; போனைத் திட்ட வேண்டாம். கணினியில் ஜிமெயிலின் Show original பக்கத்தைத் திறந்தால் துண்டுகளையே பார்க்கலாம்.

கட்டம் கட்டமாக வந்தால் கதை வேறு: அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. ‘கண்’ என்பது fz; என்று வந்தால், பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பாமினி நிறுவிய கணினியில் அது ஒழுங்காகத் தெரியும் என்பதுதான் ஏமாற்று. ஆகவே, தட்டச்சு செய்த கணினியில் சோதிப்பது சோதனையே அல்ல. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, ஐபோன் ஒன்று, விண்டோஸில் அவுட்லுக் என்று மூன்றிலாவது திறந்து பார்க்க வேண்டும். அவுட்லுக்கில் வரி உயரத்தைக் கறாராக நிர்ணயித்திருந்தால், ‘கீ’, ‘மீ’ போன்றவற்றின் மேல்சுழி வெட்டுப்படுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். அதற்கு வரி உயரத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.