ஸ்டீராய்டு: நிறுத்துவதில்தான் கவனம்

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொடர்ந்து கொடுத்தபோதுதான் அதன் பக்கவிளைவுகளும் தெரியவந்தன.

இன்றும் ஆஸ்துமா, லூபஸ், சிறுநீரக நோய்கள், கடும் ஒவ்வாமை எனப் பலவற்றில் வீக்கத்தையும் மிகையான நோய் எதிர்ப்பையும் அடக்க ஸ்டீராய்டுதான் கைகொடுக்கிறது. உயிர் காக்கும் மருந்து அது. மருத்துவர் எழுதித் தந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

முடக்குவாதம் உள்ள ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தினமும் 10 மி.கி. பிரெட்னிசோலோன் எழுதித் தருகிறார்கள். காலையில் விறைத்துப்போகும் விரல்கள் இளகுகின்றன. மறுபடி மருத்துவரிடம் போகாமல், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கியே ஆறு மாதம் ஓட்டிவிடுகிறார். முகம் உப்புகிறது, தோல் மெலிந்து சின்ன இடிக்கும் கன்றிப்போகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும் மதியத்துக்குப் பிறகு எகிறுகிறது. காலையில் போடும் மாத்திரையின் வேலை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தேய்வது எலும்பு. முதல் சில மாதங்களில்தான் அந்தத் தேய்மானம் மிக வேகம். அதனால்தான் கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்திச் சோதனை பற்றி ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

பயந்துபோய் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஆபத்து இங்கேதான். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசோல் சுரக்கின்றன. அதற்கு ஆணை வருவது மூளையிலிருந்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் மூளை ஆணையிடுவதை நிறுத்திவிடும், சுரப்பிகளும் சுருங்கிவிடும். மாத்திரை நின்ற மறுநாளே அவை விழித்துக்கொள்ளாது. சில சமயம் பல மாதங்கள் ஆகும். அதற்குள் கடும் சோர்வு, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசோலுக்கு ஏறத்தாழ 5 மி.கி. பிரெட்னிசோலோன் சமம். ஆகவே 10-லிருந்து 7.5, பிறகு 5 எனச் சில வாரங்களில் இறங்கலாம். அதற்குக் கீழே மாதத்துக்கு 1 மி.கி. என்ற நிதானம் வேண்டும், ஏனென்றால் இப்போதுதான் சுரப்பி தானே வேலை செய்யப் பழகுகிறது. மூட்டுவலி திரும்பினால் நோய் தலைதூக்குகிறது என்று பொருளாகலாம். வாந்தியும் தலைசுற்றலும் சுரப்பி விழிக்கவில்லை என்று காட்டலாம். காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்ட்டிசோல் ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைத் தீர்க்க உதவும்.

ஆஸ்துமா முற்றியபோது தரும் ஐந்து, ஏழு நாள் மாத்திரைகளைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடலாம். மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவர்கள் தாங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தி ஓராண்டு வரை, எந்த மருத்துவரிடம் போனாலும் ஸ்டீராய்டு சாப்பிட்டதை முதலில் சொல்லிவிடுங்கள்.