தீர்மான நோட்டில் என்ன எழுத வேண்டும்?

“உறுப்பினர்களிடம் சேமிப்பு வசூலிக்கப்பட்டது. தேவைப்பட்டவர்களுக்குக் கடன் வழங்கப்பட்டது. நன்றியுரையுடன் கூட்டம் இனிதே முடிந்தது.” பல மகளிர் குழுக்களின் தீர்மான நோட்டில் மாதாமாதம் இந்த மூன்று வரிதான் இருக்கும். கீழே எல்லாருடைய கையெழுத்தும் வரிசையாக இருக்கும். யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், தவணை கட்டாதவருக்கு என்ன சொன்னார்கள் என்று பின்னால் ஒரு சண்டை வந்தால், அந்தப் பக்கத்தில் பதில் இருக்காது.

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் முயற்சியை ஆரம்பித்தது. இந்தக் கடனுக்கு வங்கி நிலப் பத்திரம் கேட்பதில்லை. குழு ஒழுங்காகக் கூடுகிறதா, சேமிக்கிறதா, தங்களுக்குள் கொடுத்த கடனைத் திரும்ப வாங்குகிறதா என்றுதான் பார்க்கிறது. அதைக் காட்டுவது குழுவின் நோட்டுகள். பேரேட்டில் தொகை இருக்கும். அந்தத் தொகையை ஏன் கொடுத்தார்கள், யார் முடிவு செய்தார்கள் என்பது தீர்மான நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

கணக்கு புரிவதற்காக 14 பேர் கொண்ட ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். மாதச் சேமிப்பு ஆளுக்கு 200 ரூபாய். சங்கக் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. ஜூலை மாதக் கூட்டம். வந்தவர்கள் 12 பேர். வராத இருவரில் ஒருவர் பக்கத்து வீட்டு உறுப்பினரிடம் பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறார், இன்னொருவர் அனுப்பவில்லை. ஆக, 13 பேரின் சேமிப்பு 2,600 ரூபாய். இங்கே “சேமிப்பு ரூ.2,600” என்று மட்டும் எழுதினால் போதாது. வராமலே பணம் அனுப்பியவர் யார், அதை யார் கையில் கொடுத்தார், பாக்கி வைத்தவர் யார் என்று உறுப்பினர் எண்ணோடு எழுத வேண்டும். “நான்தான் அன்னிக்கே குடுத்து அனுப்பினேனே” என்ற பேச்சு கிளம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது கடன் வசூல். மூன்று பேர் அசலில் ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டுகிறார்கள். அவர்களுடைய நிலுவை முறையே 8,000, 6,000, 4,000. அதற்கு வட்டி 80, 60, 40. நான்காவது ஆள் 11ஆம் எண் உறுப்பினர். அவருக்கு 5,000 ரூபாய் நிலுவை இருக்கிறது. இந்த மாதம் வட்டி 50 மட்டும் கட்டுகிறார். எல்லாம் சேர்த்து அசல் 3,000, வட்டி 230. போன மாதக் கையிருப்பு 350 ரூபாயையும் சேமிப்பு 2,600 ரூபாயையும் இதோடு கூட்டினால் மேசையில் இருக்க வேண்டிய ரொக்கம் 6,180. கடன் பேச்சை எடுப்பதற்கு முன்பே இந்தப் பணத்தை எல்லார் முன்னிலையிலும் எண்ணி, தொகையை எழுதிவிடுவது நல்லது. பிறகு எண்ணினால் எங்கே குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கடன் கேட்டவர்கள் இருவர். ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 5,000 கேட்கிறார். இன்னொருவர் ஆடு வாங்க 15,000 கேட்கிறார். வங்கிக் கணக்கில் 22,400 ரூபாய் இருக்கிறது. மழைக்காலத்தில் யாருக்காவது அவசரம் வரலாம் என்று உறுப்பினர்கள் யோசித்து, ஆட்டுக்கு 10,000 மட்டும் தர ஒப்புக்கொள்கிறார்கள். கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, குறைத்தது ஏன் என்ற மூன்றையும் எழுத வேண்டும். குறைத்த காரணம் நோட்டில் இல்லாவிட்டால், அடுத்த மாதம் வேறொருவருக்கு முழுத்தொகை கிடைக்கும்போது “அவளுக்கு மட்டும் எப்படி?” என்று குழு இரண்டாகப் பிரியும்.

அந்தத் தீர்மானம் இப்படி இருக்கலாம்: “6ஆம் எண் உறுப்பினர் ஆடு வாங்க ரூ.15,000 கேட்டார். வங்கியில் இருப்பு வைக்க வேண்டியிருப்பதால் ரூ.10,000 தர அனைவரும் ஒப்புக்கொண்டோம். மாதம் ரூ.1,000 வீதம் 10 தவணை. முதல் தவணை ஆகஸ்ட் கூட்டத்தில். வட்டி, அந்தந்த மாத நிலுவைக்கு நூற்றுக்கு 1 ரூபாய்.”

“நிலுவைக்கு” என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் விலை பெரிது. அசல் குறையக் குறைய வட்டி போட்டால் முதல் மாதம் 100, அடுத்தது 90, பிறகு 80 என்று இறங்கி, பத்து மாதத்தில் மொத்த வட்டி 550 ரூபாய் வரும். முதலில் வாங்கிய பத்தாயிரத்துக்கே கடைசி வரை வட்டி போட்டால் 1,000 ரூபாய். வித்தியாசம் 450 ரூபாய், அதாவது அந்தப் பெண்ணின் இரண்டு மாதச் சேமிப்பைவிட அதிகம்.

இனி 11ஆம் எண் உறுப்பினர். கணவர் மருத்துவமனையில் இருக்கிறார், மாதம் 1,000 கட்ட வழியில்லை என்கிறார். குழுக்கள் இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலும் இரக்கமாகத்தான் நடந்துகொள்கின்றன. ஆனால் நோட்டில் “அவகாசம் அளிக்கப்பட்டது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எத்தனை மாதம்? அதுவரை வட்டி உண்டா? பிறகு எவ்வளவு கட்ட வேண்டும்? இது தெரியாமல் மூன்று மாதம் போனால், குழுவுக்கு அது பாக்கி, அவருக்கு அது சலுகை. மருத்துவமனைச் செலவில் தவிக்கும் பெண்ணை நடுக்கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கும் நிலை இதனால்தான் வருகிறது. “கணவரின் சிகிச்சை காரணமாக ஜூலை, ஆகஸ்ட் இரு மாதங்களும் வட்டி மட்டும் கட்டலாம். செப்டம்பர் முதல் மாதம் ரூ.500 வீதம் 10 தவணையில் அசலையும், அதற்குரிய வட்டியையும் கட்டுவார்” என்று எழுதிவிட்டால், அவரும் நிம்மதியாக இருக்கலாம், ஊக்குநரும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

கடைசியில் ரொக்கக் கணக்கு. கல்லூரிக் கட்டணத்துக்கு 5,000 ரூபாய் கையிலிருந்தே கொடுத்தாகிவிட்டது. நோட்டு, பேனா வாங்க 80. மீதி 1,100. அதில் 1,000 ரூபாயை வங்கியில் கட்டுவதென்றும், அதை எந்தப் பிரதிநிதி, என்றைக்குக் கட்டுவார் என்றும் எழுதி, கையிருப்பு 100 என்று முடிக்கிறார்கள். ஆட்டுக்கான 10,000 ரூபாயை வங்கியிலிருந்து உறுப்பினரின் கணக்குக்கு அனுப்புகிறார்கள். அதன்பின் வங்கியில் 13,400 ரூபாய் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலை, வங்கி பாஸ்புக்கைத் திறந்து இந்தத் தொகை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது.

தவறு நடக்கும் குழுவின் நோட்டைத் தொடர்ந்து மூன்று நான்கு மாதம் படித்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் எல்லாரும் வந்ததாக இருக்கும். கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும். இன்னும் கவனிக்க வேண்டியது, ஒரே உறுப்பினர் ஒரே நாளில் பழைய கடனை முழுதாக அடைத்து, அன்றே அதே அளவு புதுக் கடன் வாங்குவது. பெரும்பாலும் அங்கே பணம் கைமாறியிருக்காது. கட்ட முடியாத கடனைப் புதுக் கடனாகத் திருப்பி எழுதியிருப்பார்கள். பார்க்க வசூல் நூற்றுக்கு நூறு. உண்மையில் அந்தப் பணம் குழுவிடம் இல்லை. 11ஆம் எண் உறுப்பினருக்கு எழுதியதுபோல் தவணையை வெளிப்படையாக மாற்றியிருந்தால் பாக்கி கண்ணுக்குத் தெரிந்திருக்கும், சரிசெய்ய நேரமும் கிடைத்திருக்கும்.

எழுதி முடித்ததும் ஒருவர் முழுவதையும் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் பெயரும் தொகையும் வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். அவரவர் பாஸ்புக்கிலும் அதே தொகை அங்கேயே ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்தும் கைநாட்டும். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பதை எந்த அவசரத்துக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. தொகை தவறிவிட்டால் வெள்ளை மை பூசி அழிக்காமல், ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, ஊக்குநரோடு சம்பந்தப்பட்ட உறுப்பினரும் கையெழுத்திட்டால் போதும்.