பேதி நிற்காது, பிள்ளை தேறும்

"ரெண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். குடுத்தாச்சு, பேதி நிக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டு குழந்தையைத் தூக்கி அடுத்த டாக்டரிடம் ஓடும் பெற்றோர் நிறைய. அவர்கள் சொல்வது உண்மைதான். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. வயிற்றோட்டத்தில் போகும் தண்ணீரையும் உப்பையும் போகப் போகவே உடம்புக்குள் திருப்பிச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. குழந்தைகளுக்கு வரும் பேதியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. சில நாள்களில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் தானாகவே நின்றுவிடும். அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். இது புரியாததால்தான் பல வீடுகளில் ஓ.ஆர்.எஸ்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டு, பேதியை நிறுத்தும் மாத்திரை, ஊசி, குடலேற்றம் தட்டுவது என்று அலைகிறார்கள். குழந்தைக்கு ஆபத்து வருவது அந்த அலைச்சல் நேரத்தில்தான்.

பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பிலிருந்து அரை லிட்டர் குறைந்தாலே கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, பிள்ளை சிணுங்கத் தொடங்கும். ஒரு லிட்டர் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. அரை லிட்டர் நீர் பெரியவருக்குத் தாகத்தோடு போய்விடும். குழந்தைக்கு அது எடையில் இருபதில் ஒரு பங்கு. போவது வெறும் தண்ணீரும் இல்லை. சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளும் கூடவே போகின்றன.

நல்ல உடல்நிலையிலும் குடலுக்குள் நிறைய நீர் வந்து போய்க்கொண்டிருக்கிறது. நாம் குடிப்பது கொஞ்சம். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடம்பே குடலுக்குள் விடுவது அதைவிடப் பல மடங்கு. பெரியவர்களின் சிறுகுடலுக்குள் ஒரு நாளில் எட்டு, ஒன்பது லிட்டர் வரை வந்து சேர்கிறது. கிட்டத்தட்ட அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இதில் குடல் தண்ணீரை நேரடியாக இழுப்பதில்லை. முதலில் சோடியத்தை உள்ளே எடுக்கிறது. சோடியம் போன பக்கம் தண்ணீர் பின்னாலேயே போகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

காலராக் கிருமி இந்த ஏற்பாட்டைத்தான் குலைக்கிறது. அதன் நச்சு, குடல் செல்களிலிருந்து குளோரைடு உப்பை இடைவிடாமல் வெளியே கொட்டச் செய்கிறது. சோடியமும் தண்ணீரும் அதோடு சேர்ந்து வெளியேறுகின்றன. சாதாரண உப்பை உள்ளே எடுக்கும் வழியையும் அந்த நச்சு அடைத்துவிடுகிறது. ஆகவே இந்த நேரத்தில் வெறும் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கொடுத்தால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியே வந்துவிடும். குடித்ததெல்லாம் போகிறதே என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். குழந்தைக்குக் குடிக்கவே கொடுக்காமல் வயிற்றைக் காயப்போடும் பழக்கம் அப்படிப் பார்த்துப் பார்த்து வந்ததாக இருக்கலாம்.

ஆனால் குடலில் இன்னொரு வழி இருக்கிறது. சர்க்கரையை, அதாவது குளுக்கோஸை உறிஞ்சுவதற்கென்று செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு. எஸ்.ஜி.எல்.டி.1 என்பது அதன் பெயர். வங்கி லாக்கர் திறக்க நம் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்து வேண்டும் இல்லையா, அதுபோல இந்தப் புரதம் இயங்க சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வேண்டும். சோடியம் இரண்டும் குளுக்கோஸ் ஒன்றும் வந்து ஒட்டிக்கொண்டதும் புரதம் உருமாறி மூன்றையும் ஒன்றாக உள்ளே தள்ளுகிறது. தண்ணீர் பின்னாலேயே போகிறது. காலரா நச்சு இந்த வழியைத் தொடுவதில்லை. ஒரு பக்கம் பேதி போய்க்கொண்டே இருக்கும்போதும் இந்த வழி இயங்கிக்கொண்டுதான் இருக்கும். குழந்தைகளை அதிகம் தாக்கும் ரோட்டா வைரஸ் குடலின் உறிஞ்சும் செல்களையே அங்கங்கே அழிக்கிறது. அப்போதும் எஞ்சிய பகுதி பெரும்பாலும் போதுமான அளவுக்கு வேலை செய்கிறது.

சோடியமும் குளுக்கோஸும் இப்படிக் கைகோத்துப் போகின்றன என்ற விளக்கத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் முன்வைத்தார். 1968இல் டாக்காவின் காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, நரம்பு வழி ஏற்றும் டிரிப்ஸின் தேவை வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். ஆனாலும் மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சி இல்லாதவர்கள் கையில் இதைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் மருத்துவ உலகில் பலமாகவே இருந்தது.

அந்தத் தயக்கத்தை உடைத்தது 1971. வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லை ஊரான போன்காவில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரை முழுக்க நோயாளிகள். டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் திலீப் மஹாலானபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் இவற்றை எடை போட்டு பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, முகாமுக்குக் கொண்டுபோய் டிரம்களில் கரைத்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாவோ அண்ணனோ டம்ளரில் பிடித்து நோயாளிக்குப் புகட்டினார்கள். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே வந்தது. மஹாலானபிஸ் 2022இல் காலமானார்; மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும்.

இப்போது நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் பொடியின் அளவு வேறு. ஒரு லிட்டர் பாக்கெட்டில் மொத்தம் 20.5 கிராம், அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து உப்பு, சர்க்கரை இரண்டையும் முந்தைய அளவைவிடக் குறைத்தன. காரணம் எளிது. குடலுக்குள் இருக்கும் கரைசல் ரத்தத்தைவிடச் செறிவாக இருந்தால், அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். நீர்த்திருந்தால் தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குப் போகும். செறிவைக் குறைத்த பிறகு பேதியின் அளவும் வாந்தியும் குறைந்தன. டிரிப்ஸ் தேவைப்பட்ட குழந்தைகளும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தார்கள்.

வீட்டில் நடக்கும் பெரிய தப்பும் இங்கேதான். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கொடுத்தால் அது மருந்தே இல்லை. பேதி கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம். பாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்குவதும் அளவைக் கெடுத்துவிடும். 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. பின்பக்கம் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்பானம், டப்பா ஜூஸ் எல்லாம் சர்க்கரை மிகுந்து உப்பு குறைந்தவை. குடலுக்குள் தண்ணீரை இழுப்பவை. மருந்துக்கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களையும் ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றின் பெயரில் அந்தச் சொல் வரக் கூடாது என்று உத்தரவிட்டது.

ஒன்றரை வயதுப் பையன், பத்து கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். நேற்று இரவிலிருந்து தண்ணீராக எட்டுத் தடவை போயிருக்கிறான், இரண்டு தடவை வாந்தி. எரிச்சலாக அழுகிறான். கண் உள்ளே போயிருக்கிறது. டம்ளரைக் கண்டால் பறித்துக் குடிக்கிறான். தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது, ஆனால் இரண்டு வினாடிக்குள் திரும்பிவிடுகிறது. இது நடுத்தர அளவு நீரிழப்பு. கிலோவுக்கு 75 மில்லி என்ற கணக்கில் இவனுக்கு நான்கு மணி நேரத்தில் 750 மில்லி போக வேண்டும். டாக்டரோ நர்ஸோ பக்கத்தில் இருக்க, சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து கொடுப்பது நல்லது. கேட்கும்போது நிறையவாகத் தெரியும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் கொடுத்தால் சரியாக வந்துவிடும். பாட்டிலில் மடமடவென்று குடிக்க விட்டால் வாந்தி எடுப்பான். எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்கலாம். நடுநடுவே தாய்ப்பால் உண்டு. இமை வீங்கியதுபோல் தெரிந்தால் ஓ.ஆர்.எஸ்ஸை நிறுத்திவிட்டுத் தாய்ப்பாலும் வெறும் தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

நான்கு மணி நேரம் கழித்தும் பேதி போய்க்கொண்டிருக்கும். அனுபவப்பட்ட நர்ஸ் அப்போது சொல்வது, "பேதியப் பாக்காதீங்கம்மா, புள்ள ஒண்ணுக்குப் போறானா, அதப் பாருங்க." சிறுநீர் போய், அழும்போது கண்ணீர் வந்து, விளையாடத் தொடங்கினால் நீர் சேர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம். அதன் பிறகு ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போனதும் 50 முதல் 100 மில்லி, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் 100 முதல் 200 மில்லி. கஞ்சி, இட்லி, தயிர் சாதம் என்று வழக்கமான சாப்பாட்டையும் கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்ல துணை. அதிலுள்ள மாவு குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால் செறிவு திடீரென்று ஏறுவதில்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்ஸுக்குப் பதிலாக அது ஆகாது. துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் தினம் ஒன்று, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி, 14 நாளும் கொடுக்க வேண்டும். பேதி நான்காம் நாளே நின்றாலும் நிறுத்தக் கூடாது. குடல் தோல் ஆறவும், அடுத்த சில மாதங்களில் பேதி திரும்ப வருவது குறையவும் அது உதவுகிறது.

ஸ்பூன் பலிக்காத நிலையும் உண்டு. பிள்ளை துவண்டு கிடக்கிறது, குடிக்கவே தெம்பில்லை, கிள்ளிய தோல் இரண்டு வினாடிக்கு மேல் அப்படியே நிற்கிறது என்றால் அது கடும் நீரிழப்பு; நரம்பு வழியாக நீர் ஏற்றாமல் முடியாது. மலத்தில் ரத்தம், வயிறு உப்பல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கொடுத்ததெல்லாம் வாந்தியாவது ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைதான். ஓ.ஆர்.எஸ். கொடுக்கக் கொடுக்கப் பேதியின் அளவு மிக அதிகமாகக் கூடிக்கொண்டே போனால், குடல் குளுக்கோஸையே உறிஞ்ச முடியாத அபூர்வ நிலையாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 108 வண்டிக்குக் காத்திருக்கும்போதும் போகும் வழியிலும், பிள்ளை விழித்திருந்து விழுங்க முடிகிறவரை, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போகலாம்.