பேக் பட்டனை அழுத்தினால் ஃபில்டர் எங்கே போகிறது?

மதுரையில் வாடகைக்கு வீடு தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாடகைத் தளம் ஒன்றைத் திறந்ததும் ஊர் முழுக்க உள்ள வீடுகள் வந்து நிற்கின்றன. இரண்டு படுக்கையறை, வாடகை 15,000 ரூபாய்க்குள், குறைந்த வாடகை முதலில் என்று மூன்றையும் தேர்ந்தெடுத்ததும் பட்டியல் கைக்கு அடக்கமாகச் சுருங்குகிறது. அதில் ஒரு வீட்டைத் திறந்து படங்களைப் பார்த்துவிட்டு பேக் பட்டனை அழுத்தினால், மறுபடியும் ஊர் முழுக்க உள்ள வீடுகள். பொறுமையாகத் திரும்பத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தின் லிங்கை வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்புகிறோம். "என்னப்பா, நாற்பதாயிரம் ரூபாய் வீட்டையெல்லாம் அனுப்பியிருக்கே?" என்று அவர் போன் செய்கிறார்.

இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான். நாம் தேர்ந்தெடுத்தது திரையில் மாற்றத்தை உண்டாக்கியது; மேலே இருக்கும் முகவரியில் உண்டாக்கவில்லை. பேக் பட்டன் நம்பியிருப்பது பிரவுசர் வைத்திருக்கும் முகவரி வரிசையைத்தான். எந்தெந்த முகவரிக்கு எந்த வரிசையில் போனோம் என்ற அந்தப் பட்டியலில் ஒரு படி பின்னே போவதுதான் அதன் வேலை. அப்பாவின் போனுக்குப் போவதும் முகவரி மட்டுமே. நாம் டிக் செய்த பெட்டிகள் நம் போனிலேயே தங்கிவிட்டன.

ஒழுங்காகக் கட்டிய தளத்தில் அதே தேடலின் முகவரி இப்படி இருக்கும்:

```
https://example.com/houses?city=madurai&bhk=2&max=15000&sort=rent
```

கேள்விக்குறி வரை உள்ளது பக்கத்தின் இடம். அதற்குப் பின்னால் வருபவை நம் தேர்வுகள். ஒவ்வொன்றும் ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு; ஒன்றையும் அடுத்ததையும் & குறி பிரிக்கிறது. ஊர் மதுரை, படுக்கையறை இரண்டு, உச்ச வாடகை 15,000, வரிசை வாடகைப்படி. கணினி தெரியாதவர்கூட இதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். 15000 என்பதை 18000 என்று கையால் மாற்றி என்டர் தட்டினால், பட்டியலும் அதன்படி மாற வேண்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வெப்பின் தொடக்க காலப் படிவங்களில், `method="get"` என்று எழுதியிருந்தால், நிரப்பிய விவரங்களைக் கேள்விக்குறிக்குப் பின்னால் சேர்ப்பதைப் பிரவுசரே செய்துவிடும். தேடு என்ற பட்டனை அழுத்தினால் புது முகவரி, புதுப் பக்கம். பேக் பட்டனும் லிங்கும் தாமாகவே வேலை செய்தன. பிறகு, பக்கம் முழுதும் புதிதாக ஏறாமல் பட்டியல் மட்டும் சட்டென்று மாறும்படி ஜாவாஸ்கிரிப்டால் தளங்களைக் கட்டத் தொடங்கினார்கள். வேகம் கூடியது. ஆனால் பக்கம் மாறாததால் முகவரியும் மாறவில்லை. பிரவுசரைப் பொறுத்தவரை நாம் ஓரிடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறோம். 2010ஐ ஒட்டி பிரவுசர்களில் வந்து சேர்ந்த `history.pushState` என்ற வசதிதான் இதற்கு வழி விட்டது. பக்கத்தைப் புதிதாக ஏற்றாமலே முகவரியை மட்டும் மாற்றி, பிரவுசரின் வரிசையில் ஒரு புதுப் படியைச் சேர்க்க அது உதவுகிறது.

இரண்டு படுக்கையறை என்ற பெட்டியை ஒருவர் டிக் செய்யும்போது நடக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
const url = new URL(location.href);
url.searchParams.set("bhk", "2");
url.searchParams.delete("page");
history.pushState(null, "", url);
drawPage();
```

இப்போதைய முகவரியை எடுத்து, அதில் `bhk` மதிப்பை 2 என்று வைத்து, வரிசையில் ஒரு படி சேர்த்து, பக்கத்தை மறுபடி வரைகிறோம். `drawPage` என்பது தளத்தைக் கட்டுபவர் எழுதும் பகுதி. முகவரியில் உள்ளதைப் படித்து, ஃபில்டர் பெட்டிகள், பட்டியல் இரண்டையும் அதற்கேற்ப அமைப்பது அதன் பொறுப்பு.

நடுவில் `page` என்பதை நீக்கும் வரி சின்னதுதான்; அதை மறந்தால் வரும் குழப்பம் பெரியது. மதுரை வீடுகளின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது ஒருவர் இரண்டு படுக்கையறையை டிக் செய்கிறார். பொருந்தும் வீடுகள் எட்டே எட்டு. எல்லாம் முதல் பக்கத்திலேயே அடங்கிவிடும். ஆனால் முகவரியில் `page=3` அப்படியே இருப்பதால் தளம் மூன்றாம் பக்கத்தைத் தேடிப்போய், வீடுகள் இல்லை என்று காட்டுகிறது. வீடு இருக்கிறது, திரையில் இல்லை. தேடுபவர் அதை நம்பி வேறு தளத்துக்குப் போய்விடுவார். ஃபில்டர் எது மாறினாலும் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அதனால்தான்.

இத்தோடு வேலை பாதிதான் முடிந்தது. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது வரும் கோளாறை அடையாளம் காண்பது எளிது: பேக் பட்டனை அழுத்தினால் மேலே முகவரி மாறுகிறது, கீழே பட்டியல் அசையாமல் நிற்கிறது. `pushState` சேர்த்த படிகளுக்கு இடையே போகும்போது பிரவுசர் பக்கத்தைப் புதிதாக ஏற்றாது. "முகவரி மாறிவிட்டது" என்று `popstate` என்ற நிகழ்வின் மூலம் தகவல் மட்டும் சொல்லும். அதைக் கேட்டு மறுபடி வரைவது தளத்தின் பாடு.

```
window.addEventListener("popstate", drawPage);
```

இந்த ஒரு வரி போதுமா என்பது `drawPage` எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எந்த ஃபில்டர் போட்டிருக்கிறது என்பதை முகவரியில் ஒன்றும், நிரலுக்குள் வேறு இடத்தில் ஒன்றுமாக இரண்டு கணக்கு வைத்திருந்தால், என்றாவது ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாது. பெட்டியில் மூன்று படுக்கையறை டிக் ஆகியிருக்கும், பட்டியலில் இரண்டு படுக்கையறை வீடுகள் இருக்கும். கணக்கு முகவரியில் மட்டும் இருக்கட்டும். டிக் செய்தாலும், பேக் அழுத்தினாலும், அப்பா லிங்கைத் திறந்தாலும், முகவரியைப் படித்துப் பக்கத்தை வரையும் அதே பாதையில் எல்லாம் போகட்டும்.

அடுத்து, எந்த மாற்றம் ஒரு படியாகக் கணக்காக வேண்டும் என்ற கேள்வி. வாடகை உச்சத்தைத் தேர்ந்தெடுக்க விரலால் இழுக்கும் ஸ்லைடர் இருக்கிறது. 40,000-இல் இருந்து 15,000-க்கு இழுக்கும்போது, 500 ரூபாய்க்கு ஒரு படி என்றாலும் ஐம்பது மதிப்புகளைக் கடக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் `pushState` செய்தால், பழைய பட்டியலுக்குத் திரும்ப ஐம்பது முறை பேக் அழுத்த வேண்டும். குறுகிய நேரத்தில் நூறு தடவைக்கு மேல் இப்படி எழுதினால் சஃபாரி பிரவுசர் மறுத்து, பிழை காட்டிவிடும். எனவே விரல் நகரும்போது எண்ணை மட்டும் திரையில் காட்டி, விரலை எடுத்த பிறகு முகவரியை ஒரே ஒரு முறை மாற்ற வேண்டும். ஸ்லைடர் நகர்ந்துகொண்டிருக்கும்போது வருவது `input` நிகழ்வு, விட்டதும் வருவது `change`. இரண்டாவதைப் பிடித்தால் போதும்.

தேடல் பெட்டியில் எழுத்து எழுத்தாகத் தட்டும்போதே பட்டியல் மாறும் தளங்களில் `replaceState` கைகொடுக்கும். அது புதுப் படியைச் சேர்க்காமல், இருக்கும் படியின் முகவரியையே மாற்றி எழுதுகிறது. தட்டி முடித்த சொல் லிங்கில் இருக்கும். வழியில் வந்த அரைகுறைச் சொற்கள் பேக் பட்டனுக்குத் தடையாக நிற்காது. அங்கேயும் தட்டல் சற்று ஓய்ந்த பிறகு எழுதுவது நல்லது. சஃபாரியின் கெடுபிடி `replaceState`-க்கும் உண்டு. எல்லாவற்றுக்குமே `replaceState` போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நான்கு ஃபில்டர் போட்டபின் ஒரு முறை பேக் அழுத்தியவர் தளத்தைவிட்டே வெளியே போய்விடுவார். யோசித்து எடுத்த முடிவு என்றால் ஒரு படி, வழியில் நடந்த அசைவு என்றால் படி இல்லை என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

முகவரியில் எதையும் போடலாம் என்றும் இல்லை. பெறுபவருக்கும் அதே காட்சி வேண்டுமா என்று கேட்டுப் பார்க்கலாம். படுக்கையறை எண்ணிக்கையும் வரிசை முறையும் வேண்டும். கறுப்புப் பின்னணியா வெள்ளையா என்பது அவரவர் விருப்பம். லிங்கோடு போகத் தேவையில்லை. போன் நம்பர், பெயர் போன்றவை கூடவே கூடாது. முகவரி பிரவுசரின் வரலாற்றிலும் தளத்தின் சர்வர் பதிவுகளிலும் தங்கும். லிங்காகக் கை மாறிக்கொண்டும் இருக்கும்.

இதில் சிக்கலானது "எனக்கு அருகில்" என்ற வரிசை. முகவரியில் `near=me` என்று மட்டும் இருந்தால், திருநெல்வேலியில் லிங்கைத் திறக்கும் அப்பாவுக்கு "எனக்கு" என்பது திருநெல்வேலி. நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டால், லிங்க் போகும் இடமெல்லாம் நம் இருப்பிடமும் போகும். `area=annanagar` என்று பேட்டையின் பெயரைப் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

அந்தப் பெயரைத் தமிழில் எழுதக் கூடாதா? எழுதலாம். ஆனால் முகவரியாக அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். ச என்பது `%E0%AE%9A` ஆகிவிடும். துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் மதுரை என்ற சொல்லுக்கு 45 எழுத்துகள். வேலை செய்வதில் குறை இல்லை, வாட்ஸ்அப்பில் பார்க்கத்தான் பயமுறுத்தும். அதனால் முகவரியில் சுருக்கமான ஆங்கிலப் பெயரையோ எண்ணையோ வைத்து, திரையில் தமிழில் காட்டுவது வழக்கம்.

இன்னொன்று: முகவரி எல்லோர் கைக்கும் எட்டும். `bhk=abc` என்றோ `max=-5` என்றோ யாராவது மாற்றலாம். பாதி வெட்டுப்பட்டும் லிங்க் வரலாம். புரியாத மதிப்பைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் காட்ட வேண்டும். வெற்றுத் திரை காட்டக் கூடாது.

இத்தனையும் செய்தாலும் லிங்க் சுமப்பது தேர்வுகளைத்தான், விடைகளை அல்ல. நாம் பார்த்த வீடு இன்று மாலை வாடகைக்குப் போய்விட்டால், நாளை லிங்கைத் திறக்கும் அப்பாவின் பட்டியலில் அது இருக்காது. குறிப்பிட்ட வீட்டைக் காட்ட வேண்டுமென்றால் அந்த வீட்டின் பக்கத்து லிங்கைத்தான் அனுப்ப வேண்டும்.

ஒரு தளம் இதில் தேறுமா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இரண்டு ஃபில்டர் போட்டு, வரிசையையும் மாற்றி, முகவரியை நகலெடுத்து, பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் ஒட்டுங்கள். அதே பட்டியல், அதே பெட்டிகளில் டிக்கோடு வர வேண்டும். வராவிட்டால், அந்தத் தளத்தின் லிங்கை அனுப்பும்போது கூடவே "ரெண்டு ரூம், பதினஞ்சாயிரத்துக்குள்ள" என்று தட்டி அனுப்பிவிடுவதுதான் நல்லது.