அளந்தால்தான் பிடிபடும் கிருமி

இரண்டு மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு நிற்காத ஒருவருடைய மலத்தைப் பரிசோதித்து, 'கிருமி இல்லை' என்று ரிப்போர்ட் வருகிறது. கிரிப்டோஸ்போரிடியம், சைக்ளோஸ்போரா ஆகிய இரண்டு ஒட்டுண்ணிகளும் அந்த ரிப்போர்ட்டுக்குள் ஒளிந்திருக்கலாம். வழக்கமான மலப் பரிசோதனையில் இவை எளிதில் கண்ணில் படுவதில்லை. மருத்துவர் குறிப்பிட்டுக் கேட்டால்தான் லேப்பில் இவற்றுக்கென்று தனிச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள்.

இவை குடலிலிருந்து ஊசிஸ்ட் என்ற ஓடு மூடிய உருண்டைகளாக வெளியேறுகின்றன. அந்த ஓடு ஒருமுறை சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொண்டால் அமிலத்தில் கழுவினாலும் எளிதில் விடாது. காசநோய்க் கிருமியைச் சளியில் கண்டுபிடிப்பதும் இதே குணத்தை வைத்துத்தான். ஆனால் காசநோய்க் கிருமி தாங்கும் கடுமையான அமிலத்தை ஊசிஸ்ட் தாங்காது. அதனால்தான் முறையை மாற்றி, 1 சதவீத சல்ஃப்யூரிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

மலத்தைச் சிலைடில் மெல்லியதாகப் பூசி உலர்த்தி, மெத்தனாலில் பதப்படுத்துவார்கள். அதன் மேல் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தைச் சுமார் 5 நிமிடம் நிறுத்தி வைப்பார்கள், சூடாக்கத் தேவையில்லை. பிறகு நீரில் அலசி, அமிலத்தில் சுமார் 2 நிமிடம் நிறம் நீக்கி, கடைசியாக மெத்திலீன் புளூ ஊற்றுவார்கள். மற்றதெல்லாம் நீலமாகிவிட, ஊசிஸ்ட் மட்டும் சிவப்பாக நிற்கும். பூச்சு தடித்துவிட்டால் நிறம் சரியாக நீங்காது. எல்லாமே சிவப்பாகத் தெரிந்து ஏமாற்றும். எனவே கிருமி இருப்பது உறுதியான ஒரு மாதிரியையும் கூடவே சாயமேற்றி ஒப்பிடுவது அவசியம்.

சிவப்பு உருண்டை கிடைத்ததும் பெயர் எழுதிவிடக் கூடாது. கண்வில்லையில் பொருத்திய அளவுகோலால் அளக்க வேண்டும். 5 மைக்ரான் என்றால் கிரிப்டோஸ்போரிடியம். அது 4 முதல் 6 வரை இருக்கும். 9 மைக்ரான் என்றால் சைக்ளோஸ்போரா. அது 8 முதல் 10 வரை. அளக்காமல் விட்டதால் சைக்ளோஸ்போராவைப் 'பெரிய கிரிப்டோஸ்போரிடியம்' என்று எண்ணிய காலமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெருவில் நடந்த ஆய்வுதான் அதற்கு உரிய இடத்தைத் தந்தது.

சைக்ளோஸ்போராவிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே சிலைடில் ஒன்று அடர்சிவப்பாகவும், பக்கத்தில் உள்ளது வெளிர் ரோஸாகவும், மூன்றாவது சாயமே ஏறாமல் சுருங்கிய கண்ணாடிக் குமிழ் போலவும் இருக்கும். சிவப்பை மட்டும் தேடும் கண் அந்த மூன்றாவதைத் தாண்டிப் போய்விடும். சந்தேகம் இருந்தால், சாயமேற்றாத மாதிரியைப் புறஊதா ஒளியில் பார்க்கலாம். சைக்ளோஸ்போரா தானாகவே நீல வளையமாக ஒளிரும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், இரண்டுக்கும் மருந்து வேறு என்பதுதான். சைக்ளோஸ்போராவுக்கு கோட்ரைமாக்சசோல் நன்றாகக் கேட்கும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அது பயன்படாது. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கிரிப்டோஸ்போரிடியம் வந்தால், ஏ.ஆர்.டி. சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தியை மீட்பதே முதல் வேலை. ஊசிஸ்ட்கள் தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதால், ஒரு மாதிரியில் இல்லை என்று வந்தாலும், வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு மூன்று மாதிரிகளைப் பார்த்த பிறகே இல்லை என்று சொல்ல முடியும்.