பட்டியலுக்கு ஒரு மெயில் முகவரி

படிக்க வேண்டிய கட்டுரையின் லிங்க், வாங்க வேண்டிய சாமான், பேச வேண்டிய ஆளின் நம்பர் என எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்பவர்கள் நிறைய. நாலு நாள் கழித்துப் பார்த்தால் எது முடிந்தது, எது பாக்கி என்று தெரியாது. எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும்.

ட்ரெல்லோ போன்ற செயலிகளில் இதற்கு வேறு வழி உண்டு. அதில் நம் வேலைகள் ஒரு பலகையில் அட்டைகளாக இருக்கும். கணினியில் பலகையின் மெனுவுக்குள் போய் Email-to-board என்பதைத் திறந்தால், நமக்கென்றே ஒரு மெயில் முகவரி காட்டும். நீளமாக, நினைவில் நிற்காததாக இருக்கும். அங்கு வரும் மெயில் எந்தப் பட்டியலில், மேலேயா கீழேயா சேர வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். முகவரியை போன் தொடர்புகளில் 'வேலை' என்று சேமித்தால் போதும். இரண்டு எழுத்து அடித்தால் வந்துவிடும்.

மெயிலின் சப்ஜெக்ட் அட்டையின் தலைப்பாகிவிடும், உள்ளே எழுதியது விவரமாகும், இணைப்பு இணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே சப்ஜெக்டில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு அடுக்குமாடிச் சங்கச் செயலாளரை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்ய ஒருவர் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே ஃபார்வர்ட் செய்தால் 'கொட்டேஷன்' என்று ஒரு அட்டை விழும். அடுத்த வாரம் அதைப் பார்ப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரியாது. அனுப்பும்போதே சப்ஜெக்டை அழித்து இப்படி எழுத வேண்டும்:

```
ஒழுகல் கொட்டேஷன்: வெள்ளிக்குள் பதில் சொல் #red
```

கடைசியில் உள்ள `#red` அட்டைக்குச் சிவப்பு லேபிளை ஒட்டும். அவசர வேலைக்குச் சிவப்பு என்று அவர் முன்பே வைத்திருந்தால் தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. லிங்குக்கும் இதே கதைதான். போனில் பகிரும்போது பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பே சப்ஜெக்டில் வந்து உட்காரும். 'படித்துவிட்டுச் செயற்குழுவுக்குச் சொல்' என்று மாற்றுவதற்குப் பத்து நொடி போதும். சோம்பல்பட்டால், யாரும் திறக்காத லிங்க் குவியல்தான் மிஞ்சும்.

'வெள்ளிக்குள்' என்று எழுதியதால் வெள்ளிக்கிழமை மணி அடிக்காது. அது வெறும் எழுத்து. கெடு தேதியை அட்டையைத் திறந்து நாமேதான் போட வேண்டும். மெயிலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் பெயர், பதவி, போன் நம்பர் எல்லாம் விவரத்தில் போய் விழும். அனுப்பும் முன் அழித்துவிடுவது நல்லது.

இந்த முகவரிதான் சாவி. அது யார் கையில் இருந்தாலும் நம் பலகையில் அட்டை போடலாம். 'எல்லோருக்கும் பதில்' அழுத்தும் மெயிலில் இதையும் சேர்த்துவிட்டால், அடுத்தவர்களின் 'சரி', 'நன்றி' எல்லாம் வேலைகளாக வந்து குவியும். அழைக்காத அட்டைகள் தெரிந்தால் அதே மெனுவில் புது முகவரி உருவாக்கலாம். உடனே போனில் 'வேலை' என்று சேமித்ததையும் மாற்றி, ஒரு சோதனை மெயில் அனுப்பி, அட்டை விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.